23 வயதில் முதல் கண்ணாடி: எந்த லென்ஸுக்குக் காசு கொடுப்பது?

கேள்வி: எனக்கு 23 வயது. கம்பஸ் முடித்துக் கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கிறேன், இரவில் ஒன்லைன் வேலையும் செய்கிறேன். ஒரு வருடமாக பஸ்ஸின் பெயர்ப்பலகை கிட்ட வந்தால்தான் தெரிகிறது. கடையில் மெஷினில் பார்த்து இரண்டு கண்ணுக்கும் −0.75 என்றார்கள். நீல ஒளியைக் குறைக்கும் புளூ கட் லென்ஸ் போடச் சொல்கிறார்கள். பவர் ஏறுவதைத் தடுக்கும் விசேஷ லென்ஸும் இருக்கிறதாம், விலை பல மடங்கு. பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்கிறாள் தோழி. எதை வாங்குவது?
– வாசகி, கொக்குவில்

பதில்: இன்னும் ஒன்றும் வாங்காதீர்கள். அந்த −0.75 உண்மையான பவர்தானா என்று முதலில் தெரியவேண்டும்.

நாள் முழுக்கக் கிட்டத்தில் பார்ப்பவர்களுக்குக் கண்ணுக்குள் குவியத்தை மாற்றும் தசை சுருங்கியே இருக்கும். சிலருக்குத் தூரத்தைப் பார்த்தாலும் அது உடனே தளராது. அந்த நேரத்தில் மெஷினில் பார்த்தால் இல்லாத குறும்பார்வையைக் காட்டும், அல்லது இருப்பதைக் கூட்டிக் காட்டும். வீட்டில் பருமட்டாக ஒரு சோதனை செய்யலாம். பத்திரிகையின் பெரிய எழுத்துத் தலைப்பொன்றைச் சுவரில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் இடம்வரை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். −0.75 என்றால் 1ஐ 0.75ஆல் வகுத்த தூரம், அதாவது ஏறக்குறைய 133 சென்ரிமீற்றர் வரவேண்டும். காலையில் எழுந்ததும் ஒருமுறை, படித்து முடித்ததும் ஒருமுறை அளவுங்கள். இரண்டும் நன்றாக வித்தியாசப்பட்டால் தசைதான் விளையாடுகிறது.

முடிவாகச் சொல்வது மருந்துத் துளி விட்டுச் செய்யும் பரிசோதனை. சைக்ளோபென்டோலேட் என்ற துளி அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடும். யாழ் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவிலோ தனியார் கண் வைத்தியரிடமோ இதைக் கேளுங்கள். துளி விட்டபின் அடுத்த நாள்வரை கிட்டத்து எழுத்து மங்கலாம், வெயில் கூசும். ஸ்கூட்டியில் தனியாகப் போகாதீர்கள், பரீட்சைக்கு முதல் நாளும் வேண்டாம்.

துளிக்குப் பிறகு −0.25 என்று வந்தால் உங்களுக்குக் கண்ணாடியே தேவைப்படாமல் போகலாம். −0.75 அப்படியே நின்றால், சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸை முழுப் பவரில் வாங்குங்கள். குறைத்துப் போடும் யோசனையைக் கைவிடுங்கள். மலேசியாவில் பிள்ளைகளிடம் அதைச் சோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியிருந்தது. உங்கள் பவருக்குப் புத்தகமும் லப்டொப்பும் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும், ஆகவே படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைப்பதில் தவறில்லை.

புளூ கட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அது குறும்பார்வையை மெதுவாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. கண் களைப்புக்குக்கூட குறுகிய காலத்தில் பெரும்பாலும் பயனில்லை என்றே பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2023இல் வந்த கொக்ரேன் மீளாய்வு சொன்னது. விசேஷ லென்ஸ் விஷயம் வேறு. அவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன, ஆனால் சிறுவர்களுக்கு. ஹொங்கொங்கில் அப்படியொரு லென்ஸைச் சோதித்தது 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம். அவர்களின் கண்பந்து வேகமாக நீளும் வயது அது. அந்தப் பலனை 23 வயதுக்காரிக்கு உறுதியளித்து விற்பது நியாயமில்லை.

உங்கள் வயதில் பவர் ஏறுவதும் பொதுவாக மெதுவாகத்தான். மேற்கு அவுஸ்திரேலியாவில் 20 வயதுக்காரரை 28 வயதுவரை பின்தொடர்ந்தபோது, அதுவரை இல்லாத குறும்பார்வை ஏறக்குறைய 14 வீதமானோருக்கு வந்தது. சராசரி மாற்றமோ வருடத்துக்கு 0.04 மட்டுமே. சராசரியைத் தாண்டி ஏறுபவர்களும் உண்டு, அதனால்தான் பழக்கத்தை மாற்றச் சொல்கிறேன். போனை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாடக் குறிப்பு வாசிப்பதை முதலில் நிறுத்துங்கள். முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரத்துக்குள் புத்தகம் வரக்கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, முற்றத்துக்குப் போய்த் தூரத்துப் பனையைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது சிறுவருக்குக் குறும்பார்வை வருவதைக் குறைக்கிறது என்பது உறுதி. பெரியவர்களுக்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை, ஆனால் காசு செலவில்லாததால் செய்யச் சொல்வேன். படிப்பை இரவிலிருந்து விடியலுக்கு மாற்றினால் மாலை நேரம் வெளியே கிடைக்கும்.

பரிசோதனைத் தாளைப் பத்திரப்படுத்தி, ஒரு வருடத்தில் அதே முறையில் மறுபடி பாருங்கள். 0.25 வித்தியாசம் அளவிடும் பிசகாகவும் இருக்கலாம். 0.50க்கு மேல் என்றால் உண்மையாகவே ஏறுகிறது. கண்ணாடி போட்டும் எழுத்து நிழல் தட்டினால், தாளில் வளைவின் ஒழுங்கின்மையைக் காட்டும் சிலிண்டர் எண் கூடிக்கொண்டே போனால், கண்ணைக் கசக்கும் பழக்கமும் இருந்தால், ஒரு வருடம் காத்திருக்காமல் கண் வைத்தியரிடம் கருவிழியின் வடிவத்தைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவிழி கூம்பாகும் நோயும் இந்த வயதில்தான் தலைகாட்டும், அதை ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்த வழி இருக்கிறது. பார்வை சில நாட்களிலேயே ஏறி இறங்கினால் இரத்தத்தில் சீனியையும் பாருங்கள்.