டவர் அலைவரிசை: கிளஸ்டரைச் சிறிதாக்கினால் என்ன நட்டம்?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரே சேனலைப் பல டவர்களில் பாவிக்கிறார்களே, கிளஸ்டரைக் குறைத்தால் என்ன நட்டம்?

ஜி.எஸ்.எம். கம்பனியிடம் 84 சேனல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு டவர் சிக்னல் தரும் பரப்பு ஒரு செல்; அந்தச் சேனல்களை ஒன்றும் திரும்ப வராமல் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் பக்கத்துச் செல்களின் கூட்டம்தான் கிளஸ்டர். 7 செல் கிளஸ்டரில் செல்லுக்கு 12 கிடைக்கும். 4 ஆக்கினால் 21. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊருக்கு இது பெரிய லாபம்.

ஆனால் அதே சேனல் திரும்ப வரும் தூரம் D = R√(3N). இதில் R செல்லின் ஆரம், N கிளஸ்டரிலுள்ள செல்களின் எண்ணிக்கை. ஆரம் 2 கி.மீ. என்றால், அந்தத் தூரம் 9.2 கி.மீ.யிலிருந்து 6.9 ஆகிவிடும். செல் ஓரத்தில், இடையூறுக்கு மேல் நம் சிக்னல் நிற்கும் அளவு சுமார் 18.7 டெசிபலிலிருந்து 13.8க்கு இறங்கும். ஜி.எஸ்.எம்முக்கு 9 போதும், சரி.

வாவிதான் சிக்கல். இந்தக் கணக்கு, தூரத்தின் 4ஆம் அடுக்கில் சிக்னல் தேயும் என்று கொண்டது. திறந்த நீர்ப்பரப்பில் அவ்வளவு தேயாது. எதிர்க்கரை டவரின் இடையூறு பலமாகவே வந்து சேரும். சிக்னல் கோடு நிறைய இருந்தும் பேச்சு அறுந்தால் இதைச் சந்தேகியுங்கள். எதிர்க்கரை ஆன்டெனாவைச் சற்றுக் கீழே சாய்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.