டெஸ்க்டாப்பில் ஓடும் ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பில் ஏன் படுத்துவிடுகிறது? – கேள்வி பதில்

கேள்வி: என் 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் டெஸ்க்டாப்பில் செருகியதும் வந்துவிடுகிறது. லேப்டாப்பில் விளக்கு மட்டும் எரிகிறது, 'டிக், டிக்' என்று சத்தம், டிரைவ் வருவதே இல்லை. டிஸ்க் போய்விட்டதா சார்?

போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடுகிற டிஸ்க் இன்னொன்றில் மட்டும் அடம் பிடித்தால், நான் முதலில் பார்ப்பது போர்ட் தரும் மின்சாரத்தைத்தான்.

காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். 'உய்ய்ங்' என்று சுழல ஆரம்பித்து, வேகம் ஏறும்போதே சத்தம் இறங்கி, ஒரு 'டிக்', பிறகு மறுபடி முதலிலிருந்து 'உய்ய்ங்'. சில நொடிகளுக்கு ஒருமுறை இதே கதை நடந்தால், டிஸ்க் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிடுகிறது என்று அர்த்தம். நின்றுகொண்டிருக்கும் தட்டை நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்துக்குக் கொண்டுபோக மோட்டாருக்குச் சுமார் 1 ஆம்பியர் தேவைப்படும். வேகம் பிடித்த பிறகு 0.3 முதல் 0.5 ஆம்பியரிலேயே வண்டி ஓடிவிடும். ஆக, பிரச்சினை எல்லாம் அந்த முதல் இரண்டு மூன்று நொடிகளில்தான்.

விளக்கு எரிவதை நம்பாதீர்கள். அதற்குச் சில மில்லி ஆம்பியர் போதும்.

கேள்வி: ரெண்டுமே 5 வோல்ட்தானே? அப்புறம் எப்படி ஒன்றில் போதும், இன்னொன்றில் போதாது?

5 வோல்ட் என்பது சுமை இல்லாதபோது. சுமை ஏறும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

விதிப்படி யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லி ஆம்பியர் தந்தால் போதும், 3.0 போர்ட் 900. டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பவர் சப்ளையின் 5 வோல்ட் லைனில் பத்து ஆம்பியருக்கு மேல் இருக்கும். அங்கிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக நேராகப் போர்ட்டுக்கு வருகிறது, பல போர்டுகளில் இரண்டு போர்ட்டுக்குச் சேர்த்தே ஒரு ஃபியூஸ். ஒற்றை டிஸ்க் 1 ஆம்பியர் இழுத்தால் அது அசையாது. லேப்டாப்பில் அந்த 5 வோல்ட்டை ஒரு சிறிய சர்க்யூட் தயாரிக்கிறது. நடுவில் காவல்காரன் மாதிரி ஒரு சிப் வேறு. வரம்பு தாண்டினால் அது மின்சாரத்தைக் குறைத்துவிடும், அல்லது துண்டித்துவிடும்.

கேள்வி: நான் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். ஒரு திருத்தம். இப்போது வரும் பல லேப்டாப்களில் அந்தச் சிப்பின் வரம்பே 1.5, 2 ஆம்பியர் அளவுக்கு இருக்கிறது. எல்லா லேப்டாப்பும் 500-இல் வெட்டிவிடும் என்பது சரியல்ல. நான் பார்த்தவரை பாதி கேஸ் கேபிள்தான்.

ஒப்புக்கொள்கிறேன். வரம்பு என்று நான் சொன்னது, படிப்பவர்களுக்கு 500 என்றே பட்டிருக்கும். கேபிள் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி. அதைக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

என்னிடம் வந்த ஒரு டிஸ்க்கில் லேபிளில் '5V 1A' என்று போட்டிருந்தது. கூடவே 1 மீட்டர் நீளத்தில் ஒல்லியான கேபிள். உள்ளே மின்சாரம் போகும் கம்பி 28 கேஜ். அந்தக் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.22 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பி, ஆக 0.44 ஓம். 1 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே 0.44 வோல்ட் போய்விடுகிறது. அந்த நேரத்தில் டெஸ்க்டாப் போர்ட்டில் 5.05 வோல்ட் இருந்தது, டிஸ்க்குக்குக் கிடைத்தது 4.6. திணறியபடியே எழுந்துவிட்டது. லேப்டாப் போர்ட்டில் 4.8 தான். கேபிளைக் கழித்தால் 4.36. டிஸ்க் 'டிக்' என்று விழுந்தது. அதே லேப்டாப்பில் 30 சென்டிமீட்டர் கேபிள் போட்டதும் இழப்பு 0.13 ஆகக் குறைந்தது, 4.67 கிடைத்தது, டிஸ்க் ஓடியது. டிஸ்க், லேப்டாப் இரண்டையும் தொடவே இல்லை.

அதனால் எதையும் வாங்கும் முன், குட்டையான, தடிமனான கேபிள் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கோடு பெட்டியில் வரும் கேபிள் குட்டையாக இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல.

கேள்வி: என் லேப்டாப்பில் நீல நிற 3.0 போர்ட் இருக்கிறது, டிஸ்க்கும் 3.0. 900 மில்லி ஆம்பியர் கிடைக்கும்தானே, அப்போ பவர் பிரச்சினையே வராது.

பாதி சரி. போர்ட்டும் டிஸ்க்கும் 3.0 ஆக இருந்தால் போதாது, நடுவில் இருக்கும் கேபிளும் அப்படியே இருக்க வேண்டும். அந்த டிஸ்க்கில் இருக்கும் அகலமான இரட்டைப் பிரிவு சாக்கெட்டைப் பாருங்கள். அதன் பெரிய பிரிவில் பழைய போன் சார்ஜர் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகினால் எல்லாம் 2.0 ஆகிவிடும், விதிப்படி கேட்க முடிவது 500 மட்டுமே. சார்ஜர் கேபிள் பல நேரம் நீளமாகவும் இருக்கும், ஆக இரட்டை அடி.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினை அண்ணா. 3.5 இன்ச் டிஸ்க், தனி அடாப்டர் உண்டு. லேப்டாப்பில் வரவில்லை. இரண்டு போர்ட்டில் செருகும் இரண்டு தலை கேபிள் வாங்கலாமா?

வாங்காதீர்கள் தம்பி, உங்கள் கேஸ் வேறு. 3.5 இன்ச் டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது, அது அடாப்டரிலிருந்தே வருகிறது. லேப்டாப் போர்ட் அதற்குத் தருவது டேட்டா மட்டும்தான். டிஸ்க் மேலாண்மைத் திரையில் டிஸ்க் தெரிகிறதா, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: சத்தம் கேட்டு முடிவு செய்வது சரி, கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்க வழி இல்லையா? லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் வைத்திருக்கிறேன்.

லினக்ஸில் இதை ஓட விட்டுவிட்டு டிஸ்க்கைச் செருகுங்கள்:

```
sudo dmesg -w
```

டிஸ்க் வந்து, உடனே `USB disconnect` என்று போய், மறுபடி புது எண்ணோடு வந்து போனால், மின்சாரம் அறுந்து அறுந்து வருகிறது என்று சந்தேகிக்கலாம். பவர் இல்லாத ஹப்பில் செருகியிருந்தால் இன்னும் நேரடியாகவே சொல்லும்:

```
rejected 1 configuration due to insufficient available bus power
```

அதாவது டிஸ்க் கேட்ட அளவு தன்னிடம் இல்லை என்று கர்னலே மறுத்துவிட்டது. அடாப்டர் இல்லாத 2.0 ஹப் தன் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் வாக்களிக்க முடியும்.

`lsusb -v` காட்டும் `MaxPower` எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஸ்க்கின் பெட்டியில் இருக்கும் சிப் 'எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று சொல்லிக்கொள்ளும் எண் அது. 500 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1 ஆம்பியர் இழுக்கும் டிஸ்க்குகள் உண்டு. விண்டோஸில் `Power surge on the USB port` என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பல லேப்டாப்களில் அப்படி எதுவும் வராது; செருகும் சத்தமும் பிடுங்கும் சத்தமும் மாறி மாறிக் கேட்கும், அவ்வளவுதான்.

கேள்வி: யூ.எஸ்.பி. மீட்டர் நடுவில் போட்டுப் பார்த்தேன். 4.9 வோல்ட், 0.4 ஆம்பியர் என்றுதான் காட்டுகிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

மீட்டரை எந்தப் பக்கம் போட்டீர்கள்? லேப்டாப் பக்கம் செருகினால் கேபிளுக்கு முந்தைய வோல்ட்டைக் காட்டும், டிஸ்க்குக்குக் கிடைப்பது அது அல்ல. இன்னொன்று, விலை குறைந்த மீட்டர்கள் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும். கால் நொடி வந்து போகும் பள்ளம் அதில் விழாமலே போகலாம். செருகும் நொடியிலிருந்து திரையைப் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பவர் ஆப்ஷனில் 'Allow the computer to turn off this device to save power' டிக்கை எடுத்தால் சரியாகிவிடும், நான் எடுத்தேன், சரியானது.

உங்களுக்குச் சரியானது என்றால் உங்கள் டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சும்மா கிடக்கும்போது காணாமல் போயிருக்கும். அது வேறு நோய். எழுந்திருக்கவே முடியாத டிஸ்க்குக்கு அந்த டிக் உதவாது.

கேள்வி: கேபிள் மாற்றியும் வரவில்லை. இரண்டு தலை கேபிளா, பவர் ஹப்பா? இரண்டாவது தலையைப் பவர் பேங்கில் செருகலாம் என்கிறார்களே?

ஹப். அதற்கென்று சொந்த அடாப்டர் இருக்க வேண்டும், அந்த அடாப்டர் குறைந்தது 2 ஆம்பியர் தர வேண்டும். சில மட்டமான ஹப்கள் அடாப்டர் மின்சாரத்தை லேப்டாப்புக்கே திருப்பி அனுப்பும். லேப்டாப்பை அணைத்துவிட்டு ஹப்பை இணைத்துப் பாருங்கள்; லேப்டாப்பில் ஏதாவது விளக்கு எரிந்தால் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டு தலை கேபிள் யூ.எஸ்.பி. விதிக்கு உட்பட்டது அல்ல, ஆனால் வேலை செய்யும். இரண்டு போர்ட்டும் லேப்டாப்பின் ஒரே சிப்பிலிருந்து பிரிந்தால் மட்டும் பலன் இருக்காது, எதிர்ப்பக்கத்து போர்ட்டில் போட்டுப் பாருங்கள். பவர் தலையை முதலில், டேட்டா தலையை அப்புறம் செருகுங்கள். பவர் பேங்க் எனக்குப் பிடிக்காது. இழுப்பு குறைந்தால் போன் நிரம்பிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அது நீங்கள் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாகவும் இருக்கலாம்.

கேள்வி: இப்படித் திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் டிஸ்க்குக்குக் கெடுதலா?

ஆமாம். ஒவ்வொரு முறை மின்சாரம் அறும்போதும் ஹெட் அவசரமாகப் பின்வாங்கி நிறுத்தப்படுகிறது. லினக்ஸில் `sudo smartctl -a /dev/sdX` போட்டால், `sdX` இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயரைப் போடுங்கள், 192 என்ற எண்ணில் தொடங்கும் வரியில் `Power-Off_Retract_Count` என்று அந்தக் கணக்கு இருக்கும், பல டிஸ்க்குகளில். அந்த எண் தினமும் ஏறினால் நிறுத்திவிட்டு டெஸ்க்டாப்பில் வைத்து முதலில் காப்பி எடுங்கள். எழுதும் நடுவில் அறுந்தால் ஃபைல் சிஸ்டமும் கெடும்.

கேள்வி: என் டிஸ்க் இதே லேப்டாப்பில், இதே கேபிளில் நான்கு வருடம் ஓடியது. போன மாதத்திலிருந்துதான் வரவில்லை. டெஸ்க்டாப்பில் இன்னும் வருகிறது. இதுவும் பவர்தானா?

பவர்தான். ஆனால் எந்தப் பக்கத்துப் பவர் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. போர்ட்டின் தொடுமுனைகள் தேய்ந்து தளர்ந்திருக்கலாம், கேபிள் உள்ளே பாதி அறுந்திருக்கலாம். அல்லது டிஸ்க்கின் மோட்டாருக்கு வயதாகி, எழுந்திருக்க முன்பைவிட அதிகம் இழுக்கலாம். முதல் இரண்டும் என்றால் செலவு சின்னது. மூன்றாவது என்றால் டெஸ்க்டாப் அதன் கிழத்தனத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. வேறு கேபிளில், வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அதற்கு முன் காப்பி எடுத்துவிடுங்கள்.