கொன்சோல் சிக்குகிறதென்று பூஸ்டர் வாங்காதீர்கள்

"ஐயா, வவுனியா ரவுனில நாலு மாடித் தொடர்மாடி, நாங்கள் ரெண்டாம் மாடி. மகன்ர பிளேஸ்டேஷன் 4 இரவு ஏழு மணிக்குப் பிறகு நிண்டு நிண்டுதான் ஓடுது. வைபை கோடு நாலும் நிறையக் காட்டுது. 2.4இல விடவா, 5இல விடவா? கடையில பூஸ்டர் ஒண்டு பூட்டச் சொல்லுகினம்."

வைபைக்கு 2.4GHz, 5GHz என்று இரண்டு அலைகள். 5இல் விடுங்கள். பூஸ்டர் வேண்டாம். ஆனால் முதலில் கொன்சோலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். மொடல் இலக்கம் CUH-1 என்று தொடங்கினால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

நாலு கோடு காட்டுவது உங்கள் ரவுட்டரின் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான். 2022இல் பெற்றோலுக்கு நின்றோமே, வாகனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் நாங்களும் நகரலாம். வைபையும் அப்படித்தான். ஒரே சனலில் ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். 2.4இல் ஒன்றையொன்று இடிக்காத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். உங்கள் கட்டடத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கி நிற்கின்றன. இரவு ஏழுக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடத் தொடங்க, மகனின் ஆட்டம் வரிசையில் நிற்கிறது. 5இல் சனல்கள் பல. அதோடு அது சீமெந்துச் சுவரை ஊடுருவக் கஷ்டப்படும். அதைக் குறை என்பார்கள். தொடர்மாடியில் அதுவே நன்மை, பக்கத்து வீட்டுச் சத்தமும் சுவரோடு நின்றுவிடும்.

இரவு எட்டு மணிக்கு விண்டோஸ் மடிக்கணினியைக் கொன்சோல் இருக்கும் இடத்தில் வைத்து, Command Prompt திறந்து இதை அடியுங்கள். பகல் பத்து மணிக்குப் பார்த்துப் பயனில்லை. ரவுட்டரின் முகவரி அதன் அடியில் உள்ள லேபிளில் இருக்கும், பெரும்பாலும் இதுதான்:

```
ping -n 50 192.168.1.1
```

போன மாதம் குருமன்காட்டில் ஒரு வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். 2.4இல் ரவுட்டர் பதில் தரும் நேரம் 3ms, 4ms என்று வந்துகொண்டே இருந்து திடீரென்று 160ms, பிறகு ஒரு Request timed out. 5க்கு மாற்றினேன். ரெண்டு கோடுதான் காட்டியது, ஆனால் ஐம்பது தரமும் 5msக்கு மேல் போகவில்லை. விளையாட்டைக் கெடுப்பது அந்தத் திடீர்த் துள்ளல்தான்.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. ரவுட்டர் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் கொன்சோல் தன் பாட்டுக்கு 2.4இல் போய் ஒட்டிக்கொண்டது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் வரும் பக்கத்தில் Smart Connect அல்லது Band Steering என்று இருப்பதை நிறுத்தி, 5க்குத் தனிப் பெயர் வையுங்கள். கொன்சோலில் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கொடுங்கள். லேபிளில் உள்ள கடவுச்சொல் ஏற்காவிட்டால் இணைப்புத் தந்தவர்களிடம் கேட்க வேண்டும். எனக்கு ஒருமுறை நாற்பது நிமிசம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு லைனை வெட்டினார்கள். மாதா மாதம் காசு கட்டுகிறவனுக்குத் தன் வீட்டுப் பெட்டியின் திறப்பு இல்லை!

இனி அந்த CUH-1. 2013இல் வந்த முதல் வடிவத்து பிளேஸ்டேஷன் 4 அது. அதற்கு 5 தெரியவே தெரியாது, பெயரே திரையில் வராது. ரவுட்டர் பழுதென்று நினைத்துப் புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பழைய கொன்சோல் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, மென்பொருளை ஏற்றினால் வரும் என்றும் அளப்பார்கள். வராது, உள்ளே இருக்கும் வன்பொருளே அப்படி. CUH-2, CUH-7 என்று தொடங்குபவற்றில் 5 உண்டு. CUH-1 என்றால் ரவுட்டரிலிருந்து சுவரோரமாக ஒரு லான் கேபிள் இழுங்கள். Cat5e போதும், வீட்டு நீளத்துக்கு வேகம் குறையாது. 5 பிடிக்கும் கொன்சோலுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. கேபிள் போட வழியே இல்லையென்றால் 2.4இல் சனல் அகலத்தை 20MHz ஆக்கி, 1, 6, 11இல் ஒவ்வொன்றிலும் அதே கட்டளையை இரவில் அடித்து, துள்ளல் குறைந்ததில் நிறுத்துங்கள். இடையில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்களுக்குத்தான்.

பூஸ்டருக்கு வருவோம். கடையில் தரும் மலிவானது ரவுட்டரிடம் கேட்டதை அதே சனலில் திருப்பிச் சொல்லும். ஒரு சொல் காற்றில் இரண்டு தரம் போகிறது. வரிசையைக் குறைக்காமல் அதில் இன்னொரு ஆளை நிறுத்துகிறது. சிக்னலே எட்டாத அறைக்கு அது உதவலாம், உங்களுக்கோ நாலு கோடு நிறைய இருக்கிறது.

5இல் ரவுட்டர் வரை நேராக வந்தும் ஆட்டம் சிக்கினால், அதே கட்டளையில் ரவுட்டரின் முகவரிக்குப் பதில் வெளியே இருக்கும் கூகிளின் 8.8.8.8 கொடுங்கள். துள்ளல் அங்கே மட்டும் தெரிந்தால் பழுது வீட்டுக்கு வெளியே. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள், பெரிய பக்கேஜ் எடுங்கள் என்று அவர்கள் சொன்னால் உடனே ஓம் சொல்லாதீர்கள்.