இரவு இரண்டு மணியின் எண்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. ஐந்து மாதங்களாக இதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் அணிகிறேன். இரவில் விழித்தால் அதைப் பார்க்காமல் மறுபடி தூங்க முடிவதில்லை. நேற்று இரண்டு மணிக்கு 84 காட்டியது. எழுந்து உட்கார்ந்ததும் 97. சற்று நேரத்தில் 112. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு என எல்லாச் சோதனைகளும் சரியாக இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். இதைவிடத் துல்லியமான கடிகாரம் வாங்கினால் நிம்மதி கிடைக்குமா?

கே.

அன்புள்ள கே.,

கிடைக்காது. அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் கூடிக் குறைவதை ஒளியால் அளக்கிறது. பட்டை தளர்ந்தாலும் கை ஆடினாலும் அது தடுமாறும். நீங்கள் அசையாமல் படுத்திருந்தபோது அநேகமாகச் சரியாகத்தான் காட்டியிருக்கும். உங்கள் சிக்கல் கடிகாரம் பொய் சொல்வது அல்ல.

நேற்றிரவையே எடுத்துக்கொள்ளுங்கள். திடுக்கிட்டு விழித்தவருக்கு 84 இருப்பதில் வியப்பில்லை. எழுந்து உட்கார்ந்தீர்கள், ரத்தம் கீழே இறங்கியது, அதை மேலே அனுப்ப இதயம் கொஞ்சம் வேகமெடுத்தது. 97 என்பது இதயம் தன் வேலையைச் செய்ததற்கான அடையாளம். அந்த எண்ணை நீங்கள் படித்தீர்கள். பயந்தீர்கள். அட்ரினலின் சுரந்தது. 112 வந்தது அதனால்தான். அதை உண்டாக்கியவர் நீங்கள், அதற்குச் சாட்சியும் நீங்களே! போதாக்குறைக்கு, திரையில் தெரிவது முந்தைய சில நொடிகளின் சராசரி. நெஞ்சு அடங்கத் தொடங்கிய பிறகும் பழைய எண் அங்கேயே நிற்கும்.

இது வெறும் ஊகமல்ல. 1988இல் ஆங்கே ஏலர்ஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். துடிப்பு திடீரென ஏறுவதாகப் பொய்யான தகவலைத் தந்து பார்த்தார்கள். பீதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் மட்டுமல்ல, உண்மையான துடிப்பும் ஏறியது. அந்த நோய் இல்லாதவர்களுக்கு அப்படி ஏறவில்லை. பொய்யான எண்ணுக்கே அந்த வலிமை என்றால், உண்மையான எண்ணைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அண்ணன் உறக்கத்திலேயே இறந்துபோன ஆண்டு, எனக்கும் இதே வியாதி வந்தது. அப்போது இந்தக் கடிகாரங்கள் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பதினைந்து நொடிகள் எண்ணி, நான்கால் பெருக்குவேன். ஒரு துடிப்பைக் கூடுதலாக எண்ணிவிட்டால் கணக்கில் நான்கு ஏறிவிடும். 76, 80, 84. சந்தேகம் வரும், மறுபடி எண்ணுவேன். குறைந்த எண் வந்தால் ஐந்து நிமிடம் நிம்மதி. அந்த ஐந்து நிமிடம்தான் என்னைக் கெடுத்தது. பயம் வந்தால் எண்ணு, எண்ணினால் தணியும் என்று மனம் பாடம் கற்றுக்கொண்டது. அதனால் எண்ணுவதற்காகவே பயத்தை வரவழைத்தது. "அண்ணனுக்கு எண்ணவா தெரியாமல் போயிற்று?" என்று அம்மா ஒரு நாள் கத்தினாள். அந்த வார்த்தைக்காக அவள் மேல் இன்னும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் விரலை எடுத்தது அன்றுதான்.

எப்போது நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? பார்த்த நிம்மதி சில நிமிடங்களில் கரைந்து மறுபடி பார்க்கத் தோன்றினால், எண்ணுக்குப் பயந்து மாடிப்படி ஏறுவதைத் தவிர்த்தால், அது பழக்கம். நிறுத்த வேண்டியதுதான். முதலில் துடிப்பு எண்ணைக் கடிகார முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் கடிகாரத்தை வேறு அறையில் வையுங்கள். பகலில் பார்க்கத் தோன்றும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். தொடக்கத்தில் பதற்றம் கூடும், கூடட்டும். பார்க்காமலேயே அது இறங்குவதை நீங்கள் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். கழுத்தில் விரல் வைத்து ஏமாற்றாதீர்கள், அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் உளவியல் சிகிச்சையாளரிடம் போங்கள்.

துடிப்பைக் கண்காணிக்கும்படி மருத்துவரே சொல்லியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர் சொன்ன நேரத்தில் அவர்கள் பார்க்கட்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஓய்விலும் மூச்சுத்திணறலோ வந்தால், கடிகாரம் 70 காட்டினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, இன்றிரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விளக்கைப் போடாமல் படுத்திருங்கள். வேகமாகத்தான் அடிக்கும். அடித்துவிட்டுப் போகட்டும்.