ஒரே ஆளுக்காக இரண்டு பேர் அழும்போது எழுதும் கடிதம்

கேள்வி: என் உயிர்த்தோழி இறந்து மூன்று வாரம் ஆகிறது. அவளுடைய தங்கையும் எனக்கு நல்ல தோழி. அவளுக்குக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் அழுகைதான் வருகிறது. என் துக்கத்தைச் சொன்னால் அவளுக்குப் பாரமாகிவிடுமோ, சொல்லாவிட்டால் பொய்யாகத் தோன்றுமோ என்று பயமாக இருக்கிறது. மனசு கொஞ்சம் ஆறிய பிறகு எழுதட்டுமா?

பதில்: ஆறும் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுதுங்கள். ஆனால் இன்று எழுதியதை இன்றே அனுப்பாதீர்கள். ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் பகலில் எடுத்து, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நள்ளிரவில் எழுதியது அந்த நேரத்துக்கு உண்மையாக இருக்கும். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் வேறொரு நேரத்தில் இருப்பார்.

உங்கள் துக்கத்தையும் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். அக்காவை இழந்த ஒரு பெண்ணுக்கு, அக்காவை நேசித்த இன்னொருத்தி கண் கலங்காமல் எழுதும் கடிதம் பத்து வரியும் சரியாக இருந்தாலும் அந்நியமாகத்தான் தெரியும். எவ்வளவு சொல்வது, எந்த இடத்தில் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

2013-ல் சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பாரி கோல்ட்மேன் என்பவரும் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். துன்பம் யாரை நேராகத் தாக்கியதோ அவரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். அடுத்த நெருக்கத்தில் உள்ளவர்களுக்கு அதைச் சுற்றி இன்னொரு வட்டம். இப்படியே வெளியே போகலாம். உள்வட்டத்தில் இருப்பவருக்கு ஆறுதல் மட்டும்தான் போக வேண்டும், புலம்பல் வெளிவட்டத்துக்குப் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் தங்கை உங்களுக்கு ஒரு வட்டம் உள்ளே இருக்கிறாள், நீங்கள் அவளை ஒட்டியே இருக்கிறீர்கள். அதனால் உங்கள் துக்கம் அவளுக்குத் தெரியலாம், ஆனால் அதைத் தேற்றுகிற வேலை அவள் தலையில் விழக்கூடாது. அந்த வேலைக்கு வேறு ஆள் வேண்டும். இறந்தவரை அவ்வளவாகத் தெரியாத ஒருவராக இருந்தால் நல்லது. கடிதம் எழுதும் முன்பே அவரைப் பிடித்து, மனம் விட்டு அழுதுவிடுங்கள். அழாமல் எழுத உட்கார்ந்தால் அழுகையெல்லாம் கடிதத்துக்குள் வந்துவிடும்.

சரி, ஒரு வரைவை எடுத்துப் பார்ப்போம். இந்த நிலையில் இருக்கிறவர்கள் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“அவள் போனதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எந்த வேலையும் ஓடவில்லை. எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருக்கும்! இனி நான் யாரிடம் பேசுவேன்? நீ தைரியமாக இரு. எது வேண்டுமானாலும் கேள். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியாக எடுத்து, ‘இதைப் படித்ததும் அவள் எனக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமில்லை என்றால் அவள் உங்கள் உடம்பை விசாரிக்க வேண்டும். யாரிடம் பேசுவேன் என்றால் ‘நான் இருக்கிறேனே’ என்று சொல்ல வேண்டும். எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி என்பது அன்பாகத்தான் கேட்கிறது, ஆனால் அது துக்கத்தை எடை போடுகிறது. நீங்கள் இழந்தது ஒரு தோழியை. அவள் இழந்தது பிறந்ததிலிருந்து கூடவே இருந்த ஒருத்தியை. ஆள் ஒன்றுதான், இழப்பு வேறு. எது வேண்டுமானாலும் கேள் என்றால், என்ன கேட்பது, எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது என்று அவள்தான் யோசிக்க வேண்டும். கடைசி வரி பதிலையும் கடனாக்கிவிடுகிறது. ஏழு வரியில் அவளுக்கு ஐந்து வேலை.

அந்த வரைவைக் கிழிக்க வேண்டாம். அது உங்களுக்கான கடிதம், அலமாரியில் வையுங்கள். அவளுக்கான கடிதம் அவளிடம் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கட்டும். இறந்தவளோடு தங்கை இல்லாத நேரங்களில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். ஊரில் எல்லாரும் அனுப்பும் வார்த்தைகளுக்கு நடுவே உங்களால் மட்டும் தர முடிந்தது அதுதான். இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடிதம் இப்படிப் போகலாம்:

“உனக்குத் தெரிந்திருக்காத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் அறையில் அவள் மேசைக்கு மேலே நீ சின்ன வயதில் வரைந்த சைக்கிள் படம் ஒட்டியிருக்கும். சக்கரம் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. யாராவது சிரித்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். அறையை மாற்றியபோது முதலில் கழற்றிப் பத்திரப்படுத்தியது அதைத்தான். எனக்கும் அவள் இல்லாதது தாங்கவில்லை. சாயங்காலம் போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போய் நின்றுவிடுகிறேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், நீ அதை நினைக்க வேண்டாம். அவளுடைய புத்தகங்களை எடுத்து அடுக்க வேண்டியிருந்தால் வியாழக்கிழமை வர முடியும். நீ கூப்பிட்டால் மட்டும் வருகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த மாதமும் எழுதுவேன்.”

உங்கள் துக்கம் இதில் இரண்டே வரி. அதுவும் நினைவுக்கு அப்புறம்தான் வருகிறது. ‘உடைந்துபோனேன்’ என்று சொல்லாமல், போனில் பெயர் வரைக்கும் போய் நின்றதைச் சொல்கிறது. உடைந்துபோனேன் என்றால் அவள் ஒட்ட வைக்க வேண்டும். போனைப் பற்றிச் சொன்னால், ‘ஆமாம், நானும் அப்படித்தான்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். உடனே அடுத்த வரி அந்தப் பாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும், அதனால்தான் முதலிலேயே வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னேன்.

நினைவும் நிஜமாக நடந்ததாக இருக்கட்டும். ‘கடைசி வரை உன்னைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தாள்’ என்று ஆறுதலுக்காக எழுதிவிடாதீர்கள். தங்கை அந்த வரியை வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பாள், ஒருநாள் எப்போது பேசினாள், என்ன சொன்னாள் என்று கேட்பாள். இறந்தவள் உங்களிடம் ரகசியமாகச் சொன்னதும் கடிதத்தில் வரக்கூடாது. அவளுடைய குரல் பதிவு உங்கள் போனில் இருந்தால் முன்னறிவிப்பின்றி அனுப்ப வேண்டாம். ‘இருக்கிறது, வேண்டும் என்றபோது சொல்’ என்று ஒரு வரி போதும்.

இப்போது நடுவில் வருகிறவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மரணத்திலும் ஒருவர் தானாகவே வாசற்காவலர் ஆகிவிடுவார். “அவளை இப்போது தொந்தரவு பண்ணாதே, நான் பார்க்கும்போது சொல்லிக்கொள்கிறேன்” என்பார். அவர் சொல்வது “அவள் விசாரித்தாள்” என்ற இரண்டு வார்த்தையாகத்தான் போய்ச் சேரும். அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்கு வரும் செய்தியும் அவருடைய அபிப்பிராயமாகத்தான் இருக்கும்: “ரொம்பத் தெளிவாகிவிட்டாள்” அல்லது “யாரையும் பார்க்க விரும்பவில்லை.” தங்கை தன் வாயால் சொல்லாத வரை இரண்டையும் நம்பாதீர்கள். கடிதத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், அவள் பெயருக்கு நேராக அனுப்புங்கள். குழுவில் போடும் இரங்கல் செய்தியும் கடிதக் கணக்கில் சேராது. காசு வாங்கிக்கொண்டு சில அமர்வுகளில் துக்கத்தைக் கரைத்துத் தருவதாகச் சொல்கிறவர்களின் விளம்பரத்தை ‘உனக்கு உதவும்’ என்று கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

“அவள் இன்னும் கோபக் கட்டத்தில் இருக்கிறாள், ஏற்றுக்கொள்ளும் கட்டம் வரட்டும்” என்றும் யாராவது சொல்வார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற இந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. இருக்கிறவர்களின் துக்கத்துக்கான அட்டவணையாக அது அப்போது எழுதப்படவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதையே துண்டறிக்கையாக அச்சடித்துக் கொடுத்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, எனக்கு அலுத்துவிட்டது. நடப்பது வேறு. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999-ல் விவரித்தபடி, துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வேலைகளுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருப்பார். நீங்கள் அழுகிற அன்று அவள் வங்கிப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கலாம், நீங்கள் தேறியிருக்கும் நாளில் அவள் சுருண்டு கிடக்கலாம். இருவர் நேரமும் பொருந்தாது. பேச்சுக்கு இது இடைஞ்சல். கடிதத்தை அவள் தன் நேரத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். அதனால்தான் போனைவிடக் கடிதம் மேல் என்கிறேன். இதில் உங்களுக்கும் ஒரு வார்த்தை: தோழிக்காக அழுகிறவர்களுக்குப் பெரும்பாலான அலுவலகங்களில் துக்க விடுப்பே கிடையாது, குடும்ப உறவு இருந்தால்தான் படிவம் நகரும். அந்தக் கணக்கை வைத்து உங்கள் துக்கம் சின்னது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தில் கேள்வி எதுவும் வேண்டாம். முக்கியமாகக் கடைசி நேரத்தைப் பற்றி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடைசியில் அருகில் இருந்தது நீங்கள், தங்கை வந்து சேர முடியவில்லை என்றால் நிலைமையே மாறிவிடும். அவளுக்கு வேண்டிய ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கடிதத்தில் கொட்டவும் கூடாது, மறைக்கவும் கூடாது. இரண்டு வரி எழுதுங்கள்: “அன்று நான் கூட இருந்தேன். நீ எப்போது கேட்டாலும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சரி.” அப்புறம் உங்களுக்காகத் தனியாக ஒரு நோட்டில், நடந்ததை நடந்த வரிசையில் இந்த வாரமே எழுதி வையுங்கள். யார் எப்போது வந்தார்கள், அவள் என்ன பேசினாள், எப்போது கண் மூடினாள், எல்லாம். நாள் ஆக ஆக நினைவு வரிசை மாறும், நாம் விரும்பியபடி சிலது சேரும். தங்கை அடுத்த மாதம் கேட்கலாம், ஐந்து வருஷம் கழித்தும் கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “வலித்ததா?” என்று கேட்டால் வலித்ததா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அடுத்த கேள்வியை அவள் கேட்கட்டும். வலித்திருந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள். அங்கே மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள், அவள் அவர்களிடமும் கேட்பாள். “ஆமாம், ஆனால் மருந்து கொடுத்த பிறகு குறைந்தது” என்பது உண்மையானால் அதைச் சொல்லலாம்.

பதில் வராவிட்டால் ‘கிடைத்ததா?’ என்று கேட்டு அனுப்ப வேண்டாம். போனில் அனுப்பியிருந்தால் படித்துவிட்டாளா என்று திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். அடுத்த மாதம் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், எழுதுங்கள். இன்னொரு நினைவு, அதுவும் ஐந்தாறு வரிதான். மூன்றாவது கடிதத்தை இறந்தவளின் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.