ராக் கிட்டாரில் இரு கை டேப்பிங்கும் ட்ரெமோலோ பார் டைவும்

கேள்வி: வலது கையாலும் ஃபிரெட்டைத் தட்டுவது, ட்ரெமோலோ பாரைப் பிடித்து ஒலியைக் கீழே இறக்குவது, இதெல்லாம் ராக்கில் எப்படி வந்தது? வாசிக்க என்ன வேண்டும்?

டேப்பிங் என்றால் தந்தியை மீட்டாமல், வலது கை விரலாலும் ஃபிரெட்டில் தட்டி ஒலி எழுப்புவது. இரண்டாவது தந்தியில் இடது கை 5, 8 ஃபிரெட்டுகளில் இருக்க, வலது விரல் 12இல் தட்டட்டும். எட்ட முடியாத மூன்று சுரங்கள் ஒரே தந்தியில் ஓடிவரும். தட்டுவது எளிது, விரலை எடுக்கும்போது தந்தியைப் பக்கவாட்டில் லேசாகச் சுண்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுரம் செத்துவிடும். மற்ற தந்திகள் இரையாமல் உள்ளங்கையால் அடக்குவதுதான் உண்மையான உழைப்பு.

டைவ் என்பது கிட்டாரின் பிரிட்ஜில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரெமோலோ பாரை அழுத்தித் தந்திகளைத் தளர்த்துவது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரிலேயே அந்த பார் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1960களில் அதை ஆழமாக அழுத்தினார். ஆனால் சுருதி கலைந்துவிடும். ஆணியில் சும்மா போட்ட கொடிக்கயிற்றைத் தளர்த்தி இழுத்தால் பழைய இடத்துக்கே திரும்பாது, இல்லையா? கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டில் தந்தி உராய்ந்து நிற்பதும் அப்படித்தான். 1970களின் இறுதியில் ஃப்ளாய்ட் ரோஸ் தந்தியை அங்கேயே இறுக்கிப் பூட்டினார். அப்புறம்தான் பயமில்லாமல் டைவ் அடிக்க முடிந்தது.

எட்டி வான் ஹேலன் 1978இல் இரண்டையும் பிரபலமாக்கினார். டேப்பிங்கைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல, ஜெனிசிஸ் இசைக்குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் 1970களின் தொடக்கத்திலேயே அதை வாசித்திருக்கிறார்.