ஃபயர்வாலுக்கு உள்ளே இருந்தால் நம்பலாமா? ஜீரோ ட்ரஸ்ட் கேள்வி பதில்

ஒயிட்ஃபீல்ட், நிர்வாக மேலாளர்: ஆபீஸில் 200 பேர். நல்ல ஃபயர்வால் இருக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு விபிஎன் இருக்கிறது. இதற்கு மேல் ஜீரோ ட்ரஸ்ட் எதற்கு சார்?

ஆபீஸுக்குள் இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாமல், ஆளையும் லேப்டாப்பையும் சோதித்த பிறகே விடுவதுதான் ஜீரோ ட்ரஸ்ட். ஓசூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் உங்கள் கணக்கரை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை சம்பளப் பட்டியல் சர்வர் ஒன்றுதான். அதன் முகவரி 10.10.5.20 என்று வையுங்கள். பல ஆபீஸ்களில் விபிஎன் இணைந்ததும் 10.10.0.0/16 என்ற ஆபீஸ் நெட்வொர்க் முழுக்க அவர் லேப்டாப்புக்குத் திறந்துவிடுகிறது. ஃபைல் சர்வரின் போர்ட் 445, விண்டோஸ் சர்வர்களின் போர்ட் 3389 எல்லாம் எட்டும். அவர் தொடமாட்டார். அவருடைய பாஸ்வேர்டைத் திருடியவன் தொடுவான்.

2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு, பாஸ்வேர்டு மட்டும் போதும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. ஃபயர்வாலின் கண்ணுக்கு அது முறையான நுழைவு.

ஜீரோ ட்ரஸ்டில் சர்வருக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி நிற்கும். கணக்கர் சம்பள ஆப்பைத் திறக்கும்போது ஆள் யார், லேப்டாப்பில் கம்பெனியின் சான்றிதழ் உள்ளதா, டிஸ்க் என்க்ரிப்ஷனும் அப்டேட்டும் சரியாக இருக்கிறதா என்று அது பார்க்கும். சரியென்றால் அந்த ஒரு ஆப் மட்டும் திறக்கும். மற்ற சர்வர்களுக்கு அவர் லேப்டாப்பிலிருந்து வழியே இருக்காது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து திறந்தாலும் இதே சோதனைதான்.

அல்சூர் வாசகர்: அப்போ ஃபயர்வாலைத் தூக்கிவிடலாமா?

வேண்டாம், அது இருக்கட்டும். கடைசியில் மூடப்போவது வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் போர்ட்டை. ப்ராக்ஸியின் கனெக்டர் என்ற மென்பொருள் ஆபீஸுக்கு உள்ளிருந்து போர்ட் 443 வழியாக வெளியே போய்ப் பேசும். அதற்காக உள்நோக்கி எதையும் திறக்க வேண்டியதில்லை.

கோரமங்களா, ஐடி பொறுப்பாளர்: ஆபீஸ் ஸ்டாடிக் ஐபியிலிருந்து வந்தால் ஓடிபி கேட்காமல் விட்டுவிடலாமா? ஊழியர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

கூடாது. ஆபீஸ் வைஃபையில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் மால்வேர் புகுந்தால் அதற்கும் அதே ஐபிதான். சலிப்பைக் குறைக்க வேண்டுமா? கம்பெனி லேப்டாப்புக்கு நாளுக்கு ஒருமுறை கேளுங்கள், சம்பள ஆப்புக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஓடிபியைவிட பாஸ்கீ வேகமானது. போலி லாகின் பக்கத்தில் வேலையும் செய்யாது.

இந்திரா நகர், நெட்வொர்க் எஞ்சினியர்: எங்கள் விபிஎன்னில் ஓடிபி உண்டு, நெட்வொர்க்கையும் தனித்தனி விலான்களாகப் பிரித்திருக்கிறோம். இதுவே ஜீரோ ட்ரஸ்ட்தானே? எல்லாருக்கும் புதிதாக விற்கப் பார்க்கிறார்கள்.

பாதி சரி. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-இல் வெளியிட்ட 800-207 ஆவணம், நெட்வொர்க்கை நுண்ணிய துண்டுகளாகப் பிரிப்பதையும் ஒரு வழியாக ஏற்கிறது. ஆனால் உங்கள் விதி "கணக்குப் பிரிவு விலான் சர்வர் விலானுக்குப் போகலாம்" என்றுதானே இருக்கும்? அந்த விலானில் செருகிய எந்த லேப்டாப்பும் போகலாம் என்று பொருள். ஓடிபியும் காலையில் ஒருமுறைதான். மதியம் ஆன்டிவைரஸ் அணைந்துபோனால் இணைப்பு அறுகிறதா?

இந்திரா நகர், மீண்டும்: நெட்வொர்க்கில் இணையும்போதே லேப்டாப்பைச் சரிபார்க்கும் 802.1X போட்டால் தெரியாத லேப்டாப் நுழையாதே. அதையும் நெட்வொர்க் நுழைவைக் கட்டுப்படுத்தும் என்ஏசியையும் ஒழுங்காகச் செய்தால் ப்ராக்ஸிக்குச் செலவு எதற்கு?

ஆபீஸுக்குள் நல்ல பலன் தரும், மறுக்கவில்லை. வீட்டிலிருந்து வருபவருக்கும் கிளவுடில் இருக்கும் ஆப்புக்கும் அது எட்டாது. எல்லா ஆப்பும் ஒரே கட்டடத்தில் இருந்தால் உங்கள் கணக்கு எடுபடலாம்.

ஒயிட்ஃபீல்ட் மேலாளர்: சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஒரு ஆப்பிலிருந்து. சம்பள சர்வருக்கு யார் யார் போகிறார்கள் என்று ஃபயர்வால் லாகில் ஒரு முழு மாதம் பாருங்கள். மாதக் கடைசியை விட்டுவிட்டால் சம்பளம் போடும் நாளில் எதாவது ஒன்று நின்றுபோகும். இரவில் ஓடும் பேக்கப் கணக்கும் அந்த லாகில்தான் தெரியவரும். அதற்கு ஓடிபி கேட்க முடியாது, தனி விதி வேண்டும். பிறகு ப்ராக்ஸியைப் பதிவு மட்டும் செய்யும் முறையில் இரண்டு வாரம் ஓடவிட்டு, யார் தடைபட்டிருப்பார்கள் என்று பார்த்தபின் தடையை இயக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். ப்ராக்ஸி வைத்தாயிற்று, பழைய நேர்வழி அப்படியே கிடக்கும். ஆபீஸ் வைஃபையிலிருந்து இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```
curl -k -m 5 https://10.10.5.20/
```

லாகின் பக்கம் வந்தால்கூட வேலை முடியவில்லை. ஐந்து விநாடியில் டைம்-அவுட் ஆக வேண்டும். அதற்கு சர்வரின் சொந்த ஃபயர்வாலில் 443-ஐக் கனெக்டரின் ஐபிக்கு மட்டும் விடுங்கள். லாகின் சேவையே படுத்துவிட்டால் உள்ளே போக இரண்டு அவசரக் கணக்குகள் வேண்டும். அவற்றின் ஹார்டுவேர் கீ பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். யார் பயன்படுத்தினாலும் உங்களுக்கு உடனே எச்சரிக்கை வர வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி வாசகி: எங்கள் கிளை ஆபீஸ் ஐபிக்கு மட்டும் விலக்கு தரலாமா?

மேலே கோரமங்களாவுக்குச் சொன்னதுதான். கிளைக்கும் கூடாது.

ஜெயநகர் வாசகர்: வீட்டு வைஃபை அடிக்கடி கட்டாகிறது, இதில் சரியாகுமா அண்ணா?

ஆகாது தம்பி. இணைய சேவைக்காரரிடம் கேளுங்கள்.

பொம்மனஹள்ளி, தொழிற்சாலை மேலாளர்: கைரேகை வருகைப் பதிவு மெஷினும் சிசிடிவியும் லாகின் செய்யாதே. அவற்றை என்ன செய்வது?

தனி விலான், அந்தந்த ரெக்கார்டருக்கும் வருகை சர்வருக்கும் மட்டும் வழி, இணையம் கிடையாது. இந்திரா நகர்காரர் சொன்ன முறை இங்கே சரியான ஆயுதம். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்பதை எளிதில் போலி செய்யலாம். சான்றிதழ் ஏற்காத பழைய மெஷின்களுக்கு அதற்கு மேல் உறுதியான அடையாளம் என்னிடம் இல்லை. வேறு வழியில் சமாளித்தவர்கள் எழுதுங்கள்.